ஹேர் டாப்பர் வாங்கப் போறீங்களா? முடியைப் பார்க்கும் முன் அடிப்பகுதியைப் பாருங்கள்!

சென்னை ஓஎம்ஆரில் டெஸ்டிங் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண் ஒருவரின் கதை இது. தங்கை கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது, நிச்சயதார்த்த வீடியோவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். கேமரா மேலிருந்து எடுத்த ஒரு காட்சியில் அவருடைய வகிடு தெரிந்தது. ஒரு கோடாக இருக்க வேண்டிய வகிடு, உச்சந்தலைப் பக்கம் போகப் போக ஒரு பாதையாக அகன்றிருந்தது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவே அவர் போனில் 'ஹேர் டாப்பர்' என்று தேட ஆரம்பித்தார்.

நான்கு நாளில் பார்சல் வந்தது. 20 அங்குல நீளம், பளபளவென்று கறுப்பு, தொட்டால் பட்டு மாதிரி. போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தவரைப் பார்த்து அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "என்னடி இது, தலையில தொப்பி வச்ச மாதிரி இருக்கு?" அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்க கிளிப் வழுக்கி, டாப்பர் காதுப் பக்கமாகச் சாய்ந்தது. பாத்ரூமுக்கு ஓடி, கழற்றி, கைப்பையில் திணித்துக்கொண்டு, தலையில் துப்பட்டா போட்டபடி வீடு திரும்பினார். திருப்பி அனுப்பலாம் என்றால், 'சுகாதாரக் காரணங்களால் ரிட்டர்ன் கிடையாது' என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள் ஒரே நாளில் பீரோவுக்குள் போய்விட்டது. இதில் அவர் தப்பு கொஞ்சம்தான். இந்தப் பொருள் விற்கப்படும் விதத்தில்தான் பெரிய தப்பு இருக்கிறது. விளம்பரங்கள் எல்லாம் முடியைக் காட்டுகின்றன: நீளம், பளபளப்பு, அடர்த்தி. டாப்பர் தலையில் நிற்குமா, நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது முடி அல்ல. முடி கோக்கப்பட்டிருக்கும் துணி போன்ற அடிப்பகுதியும், அதன் ஓரத்தில் இருக்கும் கிளிப்புகளும்தான். அந்த இரண்டைப் பற்றியும் விற்பனைப் பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை.

சவுரி வேறு, டாப்பர் வேறு

நம் ஊருக்குப் பொய்முடி புதிதல்ல. பாட்டிகள் வைத்துக்கொண்ட சவுரி, பின்னலின் அடியில் நீளத்தைக் கூட்டியது. அதைத் தாங்கியது பின்னல். பின்னலில் முடிக்குக் குறைவில்லை. டாப்பரின் கதை நேர்மாறானது. அது எங்கே முடி இல்லையோ அங்கேதான் உட்கார வேண்டும். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள முடி வேண்டும். முடி இல்லாத இடத்தை மூட, முடி இருக்கும் இடத்தில் பிடிமானம். டாப்பரின் மொத்த சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

டாப்பர் கிளிப்புகள் பார்ப்பதற்கு, ஸ்கூலுக்குக் குத்திக்கொண்டு போன டிக்-டாக் கிளிப் மாதிரியேதான் இருக்கும். கூடுதலாகச் சீப்பு போன்ற பற்களும், வழுக்காமல் இருக்க ஒரு சின்ன ரப்பர் பட்டையும் இருக்கும். அந்தப் பற்களுக்கு நடுவே போதுமான முடி சிக்கினால்தான் பிடிக்கும். மெலிந்த முடியில் மாட்டினால் ஒன்று வழுக்கும், இல்லையென்றால் மிச்சம் இருக்கும் நாலு முடியையும் பிடுங்கும்.

ஓஎம்ஆர் பெண் வாங்கியதன் அடிப்பகுதி சுமார் 6 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். ஏன் அந்த அளவு? "சின்னதா இருந்தா இயற்கையா இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார். பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விற்பனைப் பக்கங்களும் 'ஆரம்ப நிலை, நடு நிலை' என்று இரண்டு படங்களைக் காட்டி, ஆரம்ப நிலை என்றால் சின்ன அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. அவருடைய தலையில் மெலிந்த பகுதியின் அகலம் 5 செ.மீ. என்றால், 6 செ.மீ. டாப்பரில் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் மிச்சம். அதாவது அத்தனை பக்க கிளிப்புகளும் மெலிந்த முடியின் விளிம்பிலேயே போய் உட்கார்ந்தன. சாப்பாட்டு நேரத்தில் வழுக்கியதில் ஆச்சரியமே இல்லை.

அளவு எடுப்பது எப்படி?

இதற்குத் தேவை ஒரு இஞ்ச் டேப், சமையலறையில் இருக்கும் மெல்லிய கிளிங் ஃபிலிம், ஒரு ஐப்ரோ பென்சில், நம்பிக்கையான ஒரு ஆள். அவருக்கு அந்த ஆள், கல்யாணப் பெண்ணான தங்கைதான்.

எண்ணெய் இல்லாத, நன்றாகக் காய்ந்த தலையை வழக்கமான வகிடில் பிரிக்க வேண்டும். அதன் மேல் கிளிங் ஃபிலிமை இழுத்துப் போர்த்தி, பாத்ரூம் விளக்குக்கு நேர் கீழே உட்கார வேண்டும். மேலிருந்து வரும் வெளிச்சம்தான் உண்மையைச் சொல்லும். முன்னால் இருந்து வரும் வெளிச்சம் மறைத்துவிடும். தலைத்தோல் எங்கெல்லாம் சுலபமாகத் தெரிகிறதோ அந்த எல்லையை ஃபிலிமின் மேல் பென்சிலால் வரைய வேண்டும். முன்நெற்றி முடிக்கோடு எங்கே தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்வது முக்கியம்.

தங்கை வரைந்த படம் ஒரு நீண்ட முட்டை வடிவம். முடிக்கோட்டிலிருந்து 2.5 செ.மீ. தள்ளித் தொடங்கி, பின்னால் 9 செ.மீ. வரை போனது. அகலமான இடத்தில் 5 செ.மீ. பெண்களுக்குப் பரம்பரையாக முடி மெலியும்போது பொதுவாக இப்படித்தான் ஆகும். முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். வகிடும் உச்சியும்தான் அகலும். டாப்பர் என்ற பொருள் சாத்தியமாவதே இதனால்தான். முன்னால் சொந்த முடி இருப்பதால், டாப்பரின் ஓரத்தை அதை வைத்து மறைக்க முடிகிறது.

இப்போது கணக்கு. பக்கங்களிலும் பின்னாலும் கிளிப் நல்ல முடியில் உட்கார, சுமார் 2.5 செ.மீ. கூடுதலாக வேண்டும். ஆக அகலம் 5-உடன் 2.5-ம் 2.5-ம் சேர்த்து 10 செ.மீ. முன்பக்கம் அந்த ஆடம்பரம் கிடையாது. முடிக்கோட்டில் ஒன்றரை சென்டிமீட்டராவது சொந்த முடியை வெளியே விட வேண்டும் என்பதால், அவருக்கு முன்னால் 1 செ.மீ. மட்டுமே நீட்ட முடியும். நீளம் 9, முன்னால் 1, பின்னால் 2.5, மொத்தம் 12.5 செ.மீ. கடைக் கணக்கில் இது 4-க்கு 5 அங்குலம். முதலில் வாங்கியதைவிடப் பரப்பளவில் இரண்டு மடங்கு!

சில கடைகள் அகலத்தை முதலில் எழுதும், சில கடைகள் நீளத்தை. எது எது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. கிளிப் எங்கெங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய, அடிப்பகுதியைத் திருப்பிப் போட்ட படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படத்தைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் 'ரிட்டர்ன் கிடையாது' என்ற நிபந்தனையோடு வாங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு செருப்பு வாங்குவதற்குச் சமம். செருப்பைக்கூட மாற்றித் தருகிறார்கள்.

அடிப்பகுதியின் துணியில் பல ரகம் உண்டு. இவருக்குத் தேவைப்பட்டது இரண்டில் ஒன்று. 'மோனோ' என்பது மெல்லிய வலை; ஒவ்வொரு முடியும் அதில் கையால் முடிச்சுப் போடப்பட்டிருக்கும். காற்று போகும், லேசாக இருக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் வகிடில் முடிச்சுகள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். 'சில்க்' ரகத்தில் முடிச்சுகள் ஒரு பட்டுத் துணிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். வகிடு நிஜத் தலைத்தோல் மாதிரியே இருக்கும்; ஆனால் தடிமன் கூடும், வேர்க்கும். சென்னை வெயிலில் தினமும் ஆபீஸுக்குப் போட்டுப் போகிறவருக்கு மோனோதான் சரி என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. வகிடில் தெரியும் புள்ளிகளின் மேல், தோல் நிறத்துக்கு ஏற்ற காம்பாக்ட் பவுடரைச் சின்ன பிரஷ்ஷால் ஒற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும். வேர்வைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

கறுப்பு என்பது ஒரே நிறம் அல்ல

முதல் டாப்பரை வாங்கும்போது, "நம்ம முடி கறுப்புதானே" என்று எண் 1-ஐத் தேர்ந்தெடுத்தார். டாப்பர் கடைகளின் வழக்கமான நிற எண்களில் 1 என்பது மைக் கறுப்பு, 1பி அதைவிட ஒரு படி மங்கிய கறுப்பு, 2 மிக அடர்ந்த பழுப்பு. தென்னிந்திய முடி வீட்டுக்குள் கறுப்பாகத் தெரிந்தாலும், வெயிலில் பார்த்தால் பெரும்பாலும் 1பி-க்கும் 2-க்கும் நடுவே நிற்கும். சாயம் போட்ட முடிதான் நிஜத்தில் எண் 1-ஆக இருக்கும். அவரோ பல வருடமாக மருதாணி வைப்பவர். நுனி முழுக்கச் செம்பழுப்பு. ஆபீஸ் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு முடியும், வாசலில் வெயில் பட்டதும் பிரிந்துவிட்டன: மேலே நீலம் பாய்ந்த கறுப்பு, கீழே செம்பழுப்பு.

சாயம் ஏற்றிய முடியும் இயற்கை முடியும் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய், இன்னொன்றில் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கும்போது துணியைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறோம் அல்லவா, அதே காரணம்தான். போனில் எடுத்த போட்டோவை நம்புவது அதைவிட மோசம். கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும்.

இரண்டாவது முறை அவர் வேறு மாதிரி செய்தார். தலை வாரும்போது சீப்பில் வந்த 20 முடிகளைச் சேர்த்து, ஒரு முனையில் நூல் கட்டி, வெள்ளைத் தாளில் செல்லோடேப் போட்டு ஒட்டினார். இதில் பார்க்க வேண்டியது வேர்ப் பக்கத்தை அல்ல, நடுப்பகுதியையும் நுனியையும்தான். வேர்ப் பக்கம் எப்படியும் டாப்பருக்கு அடியில் போய்விடும். டாப்பரின் முடி கலப்பது காதுக்குக் கீழே தொங்கும் சொந்த முடியோடுதான். அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துப் போய், ஜன்னல் ஓரத்திலும் டியூப்லைட்டிலும் வெயிலிலும் வைத்துப் பார்த்தார். 2-ஐ ஒட்டிய, இரண்டு மூன்று பழுப்புகள் கலந்த ஒரு நிறம் பொருந்தியது. ஒரே நிறமாக இருக்கும் டாப்பர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பொம்மை முடி மாதிரிதான் தெரியும். நிஜத் தலையில் எந்த இரண்டு முடியும் ஒரே நிறமாக இருப்பதில்லை.

இரண்டு நிறத்துக்கு நடுவில் குழம்பினால், வெளிர்நிறத்தை வாங்குவதே புத்திசாலித்தனம். மனித முடி டாப்பரை அடர்நிறமாக மாற்றுவது சலூனில் முடிகிற காரியம். ஏற்கனவே சாயம் ஏறிய முடியை வெளிர்நிறமாக்கப் போனால் வைக்கோல் ஆகிவிடும். சாயம் போடும்போதும் அடிப்பகுதியில் படாமல், 2 செ.மீ. தள்ளித்தான் பிரஷ் தொட வேண்டும். வலையில் பட்ட சாயம் போகவே போகாது. காதோரம் நரை இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உச்சியில் ஒரு நரைகூட இல்லாமல், காதோரம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று காதோரத்துக்குச் சாயம் போட வேண்டும், அல்லது நரை கலந்த டாப்பரையே கேட்டு வாங்க வேண்டும்.

பட்டு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்

முதல் டாப்பரின் 'பட்டு' மென்மை மூன்றாவது அலசலில் காணாமல் போனது. அதற்குப் பிறகு கழுத்துப் பக்கம் சிக்கு விழுந்து, சீப்பே இறங்கவில்லை. காரணம் அந்த முடி வந்த வழி.

திருமலையிலும் பழநியிலும் மொட்டை போடும் பக்தர்களின் முடி ஏலத்துக்குப் போகிறது. அங்கே முடி கொத்தாக வெட்டப்படுவதால், வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று வரிசை கலையாமல் வைத்திருக்க முடியும். முடியின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. எல்லாம் ஒரே திசையில் இருந்தால் சிக்கு விழாது. இதைத்தான் வியாபாரத்தில் 'ரெமி' என்கிறார்கள். இன்னொரு வழி, தெருத்தெருவாக வந்து பாத்திரமோ ஊக்கோ கொடுத்து வாங்கிப் போகும் சீப்பு முடி. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும்; செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட, அமிலத்தில் முக்கிச் செதிலையே உரித்துவிட்டு, மேலே சிலிக்கான் பூசுகிறார்கள். கடையில் தொட்டபோது கிடைத்த பட்டு, அந்தப் பூச்சுதான். நாலு ஷாம்புவில் அது போய்விடும்.

கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. டாப்பரில் ஒரு முடியை விரல் நகத்துக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து, வேரிலிருந்து நுனிக்கு இழுத்தால் வழுக்க வேண்டும். நுனியிலிருந்து வேருக்குப் போனால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி போல் வழுக்கினால் செதில் இல்லை, அல்லது பூச்சு இருக்கிறது. உதிர்ந்த ஒரு முடியைக் கொளுத்திப் பார்த்தால் மனித முடி பொசுங்கல் வாசனையோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். செயற்கை இழை மோசம் என்று இல்லை, எப்போதாவது ஒரு விசேஷத்துக்குப் போட அது போதும். அதை மனித முடி என்று சொல்லி விற்பதுதான் மோசம்.

முடியின் ரகத்தைப் பொருத்துவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அவர் காலையில் ஸ்ட்ரெய்ட்னர் போட்டுக்கொள்பவர் என்பதால் நேரான முடி டாப்பரை வாங்கியிருந்தார். சென்னையின் ஈரக்காற்றில் மாலைக்குள் சொந்த முடி அலையாகத் திரும்பிவிடும். டாப்பர் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி நேராகவே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். தலைக்குக் குளித்து, எதுவும் தடவாமல், விசிறிக்காற்றில்கூட அல்லாமல் தானாகக் காயவிட்டால் முடி எப்படி நிற்கிறதோ, அதுதான் ஒருவருடைய நிஜ ரகம். வாங்க வேண்டியது அதைத்தான். டாப்பர் முடியையும் ஒருமுறை அலசிக் காயவைத்து அதன் நிஜ வடிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நல்ல கடைகள் காட்டுகின்றன.

அடர்த்தி விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. சொந்த முடி மெலிந்திருக்கும்போது, மேலே மட்டும் காடு மாதிரி நின்றால் அம்மா சொன்ன தொப்பிதான். இரண்டாவது டாப்பரை அடர்த்தி குறைவாகவும், நீளத்தை 14 அங்குலமாகவும் குறைத்து வாங்கினார். நீளம் கூடக் கூட எடை கூடும். எடை முழுவதையும் தாங்குவது கிளிப் பிடித்திருக்கும் முடிதான். அதன் பிறகு பார்லரில், டாப்பரைத் தலையில் போட்ட நிலையிலேயே நுனியை அடுக்கடுக்காக வெட்டச் சொன்னார். "ஒரே வெட்டுல எடுத்துட்டா படி மாதிரி தெரியும்க்கா, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம்" என்றார் வெட்டிய பெண். வெட்டிய டாப்பர் முடி மறுபடி வளராது என்பதால் அந்த நிதானத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

மாட்டுவது, கழற்றுவது

கிளிப் மாட்டுவதற்கு முதல் எதிரி எண்ணெய். எண்ணெய் வைத்த தலையில் எந்த கிளிப்பும் நிற்காது. வாரம் ஒருமுறை இரவில் எண்ணெய் வைத்து, காலையில் நன்றாக அலசிவிட்டால் போதும்.

எல்லா கிளிப்பையும் முதலிலேயே திறந்துகொள்ள வேண்டும். முன்நெற்றியில் ஒன்றரை சென்டிமீட்டர் முடியைப் பிரித்து முகத்துப் பக்கம் தொங்கவிட வேண்டும். அதற்குப் பின்னால், கிளிப் வரும் இடங்களில் கொஞ்சம் முடியை எடுத்து, சீப்பால் வேரை நோக்கி இரண்டு மூன்று முறை தள்ளி லேசாகச் சிக்காக்கினால் பற்களுக்குப் பிடி கிடைக்கும். இதுகூட இவருக்குப் போதவில்லை. அதனால் இரண்டு பக்க கிளிப்பும் வரும் இடங்களில் பென்சில் தடிமனில் தட்டையாகச் சின்னப் பின்னல் போட்டு, அதன் மேல் மாட்டுகிறார். அதற்குப் பிறகு வழுக்கியதே இல்லை.

மாட்டும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. முதலில் முன் கிளிப்புகள். இவை வகிடின் மேலேயே அல்ல, வகிடுக்கு இரண்டு பக்கமும் விழ வேண்டும். வகிடின் மேல்தான் முடியே இல்லையே. முன் கிளிப்பைப் பூட்டியதும் அடிப்பகுதியை மெதுவாகப் பின்னால் தடவி, புடைப்பு இல்லாமல் படிய வைத்துப் பின் கிளிப்பைப் பூட்ட வேண்டும். பக்க கிளிப்புகள் கடைசியில். பூட்டிய பிறகு தலையைக் குனிந்து ஆட்டிப் பார்க்கலாம். டாப்பர் அசைந்தால் இடம் தப்பு. புருவத்தைத் தூக்கினால் வலித்தால் இறுக்கம் அதிகம். கடைசியாக, முன்னால் தொங்கவிட்ட முடியை டாப்பரின் ஓரத்தின் மேல் வாரிவிட வேண்டும். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு இன்னொரு பயனும் உண்டு. வகிடில் வைக்கும் குங்குமம் சொந்தத் தோலில் விழும், வலையைக் கறையாக்காது.

அவர் ஸ்கூட்டியில் போகிறவர். ஹெல்மெட்டை முறுக்கிக் கழற்றினால் டாப்பரும் சேர்ந்து திரும்பும். உள்ளே ஒரு மெல்லிய காட்டன் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கழற்றும்போது நேர் மேலே தூக்க வேண்டும். பூ வைப்பதிலும் கவனம் வேண்டும். நாலு முழம் மல்லிகையின் கனத்தை டாப்பரில் குத்தினால் பின் கிளிப் நழுவும். பின்னந்தலையில் சொந்த முடியில் ஹேர்பின் குத்தித்தான் பூவைத் தொங்கவிட வேண்டும்.

தூங்கும்போது கட்டாயம் கழற்ற வேண்டும். டாப்பர் போட்டால் 'வேர் மூச்சு விடாது' என்று பார்லர்களில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. முடி வேருக்கு ஆக்ஸிஜன் ரத்தத்தில்தான் வருகிறது, வெளிக்காற்றில் அல்ல. உண்மையான ஆபத்து இழுவை. தினமும் ஒரே இடத்தில் கிளிப் இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே முடி உடையும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேரே சேதமாகி, நிரந்தரமாக வழுக்கை விழலாம். அதனால் கிளிப் இடத்தை அவ்வப்போது ஒரு சென்டிமீட்டராவது நகர்த்த வேண்டும். அடிப்பகுதியைக் கொஞ்சம் பெரிதாக வாங்கியதன் பலன் இங்கேயும் தெரியும்: நகர்த்த இடம் இருக்கும். கிளிப்புக்குப் பதிலாகப் பசையால் ஒட்டித் தருவதாகச் சொல்லும் கடைகளைப் பெண்கள் தவிர்ப்பதே நல்லது. ஆண்களுக்கு உச்சியை மழித்துவிட்டு ஒட்டுகிறார்கள். அடியில் இன்னும் முடி வளர்ந்துகொண்டிருக்கும் தலையில் ஒட்டினால், பிரித்தெடுக்கும்போது அந்த முடியும் பசையோடு வந்துவிடும்.

அலசுவதைப் பற்றி ஒன்று மட்டும். டாப்பர் முடிக்குத் தலைத்தோலின் எண்ணெய்ப் பசை கிடைக்காது, அதனால் சீக்கிரம் வறண்டுவிடும். கண்டிஷனர் அவசியம்; ஆனால் நடுவிலிருந்து நுனி வரைதான். அடிப்பகுதியில் பட்டால் முடிச்சுகள் நெகிழ்ந்து முடி உதிரும். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில், கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு கேன் தண்ணீரை ஒதுக்கினால் முடி சொரசொரப்பாவது தள்ளிப்போகும்.

டாப்பருக்கு முன் டாக்டர்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டாப்பர் தேடி வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டித்தான் போவார்கள். பிரசவத்துக்கோ கடுமையான காய்ச்சலுக்கோ பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். ரத்தசோகை, தைராய்டு போன்ற காரணங்களுக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. தலைத்தோல் வலித்தாலோ, எரிந்தாலோ, சிவந்து செதில் உதிர்ந்தாலோ, வட்டமாக வழுவழுவென்று முடி போயிருந்தாலோ, டாப்பரால் மூடினால் தள்ளிப்போவது சிகிச்சைதான். இவருக்குத் தோல் மருத்துவர் சொன்னது பரம்பரை மெலிவு. மினாக்ஸிடில் தடவச் சொன்னார். இரவில் தடவுகிறார், காலையில் காய்ந்த தலையில் டாப்பர். இரண்டுக்கும் சண்டை இல்லை.

தங்கை கல்யாணத்தில் அவர் போட்டிருந்தது அந்த இரண்டாவது டாப்பர். முகூர்த்த வீடியோவில் மேலிருந்து எடுத்த காட்சி வந்தபோது, இந்த முறை அம்மா பார்த்துக்கொண்டிருந்தது கல்யாணப் பெண்ணின் ஜடையை. மூன்று மாதம் கழித்து அதே பாத்ரூம் விளக்கின் கீழே தங்கை மறுபடி ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். வகிடு பெரிதாக மாறவில்லை. இடது பக்க கிளிப் இடத்தில் மட்டும் அரை விரல் நீளத்துக்கு உடைந்த முடிகள் குத்திட்டு நின்றன. அந்த கிளிப்பை மட்டும் பிரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளித் தைக்கக் கொடுத்திருக்கிறார்.